‘மற்றவை’யில் மறைந்த பால்வெட்டு: குமரி மாவட்ட வாழ்வாதாரக் கணக்கெடுப்பில் ஒரு கேள்வியின் நிகழ்வு ஆய்வு

வீடு வீடாகப் போய் எடுக்கும் கணக்கெடுப்புகளில் ‘மற்றவை (குறிப்பிடவும்)’ என்று ஒரு விடை கடைசியில் இருக்கும். பட்டியலில் பொருந்தாத பதில் வந்தால் அதைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். தரவு கைக்கு வந்ததும் பெரும்பாலோர் அந்த எழுத்துப் பதில்களைத் திறந்துகூடப் பார்க்காமல் ‘மற்றவை 18 சதவீதம்’ என்று அட்டவணை போட்டு அனுப்பிவிடுகிறார்கள். அப்படி அனுப்பினால் என்ன தொலைகிறது, எழுதிய பதில்களை முதன்மை விடைகளுக்குத் திருப்பிச் சேர்ப்பது எப்படி, அதில் எங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதை ஒரே ஒரு கேள்வியை வைத்துப் பார்க்கலாம். இதில் வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை, எந்த அறிக்கையிலிருந்தும் எடுத்தவை அல்ல. பதில்களின் சாயல் மட்டும் கன்னியாகுமரி மாவட்டத்தில் வேலை செய்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்ததுதான்.

கேள்வி இது: ‘கடந்த 12 மாதங்களில் உங்கள் வீட்டுக்கு அதிக வருமானம் தந்த தொழில் எது?’ மொத்தம் 400 வீடுகள். கடற்கரை ஊர்களில் 150, குலசேகரம், அருமனை பக்கத்து ரப்பர் பகுதியில் 120, மீதி தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம். விடைப் பட்டியல் சென்னையில் தயாரித்து, எல்லா மாவட்டங்களுக்கும் பொதுவாக அனுப்பியது. முதல் சுற்றுத் தரவு இப்படி வந்தது:

| குறியீடு | விடை | வீடுகள் |
|---|---|---|
| 1 | சொந்த விவசாயம் | 38 |
| 2 | விவசாயக் கூலி | 46 |
| 3 | மீன்பிடி | 61 |
| 4 | விவசாயம் அல்லாத கூலி | 84 |
| 5 | சொந்த வியாபாரம் | 33 |
| 6 | மாதச் சம்பளம் | 41 |
| 7 | வெளியூர், வெளிநாட்டுப் பணம் | 16 |
| 8 | ஓய்வூதியம், உதவித்தொகை | 9 |
| 96 | மற்றவை | 72 |

மொத்தத்தில் 18 சதவீதம் ‘மற்றவை’. எனக்குத் தெரிந்தவரை, தொழில் போன்ற கேள்வியில் இது ஐந்து சதவீதத்தைத் தாண்டினாலே பட்டியலில் ஏதோ சரியில்லை, அல்லது கேட்கும் முறையில் ஏதோ சரியில்லை. எது என்று கண்டுபிடிக்க, முதலில் பார்க்க வேண்டியது பதிலை அல்ல, யார் எழுதினார்கள் என்பதை. 72 பதில்களையும் கணக்கெடுப்பாளர் வாரியாகப் பிரித்தால், எட்டுப் பேரில் மூன்று பேரிடமிருந்தே 49 வந்திருந்தது. அந்த மூவரில் ஒருவர் கடற்கரைக்குப் போனவர். வீட்டில் இருந்த அம்மா ‘அவிய கடலுக்குப் போறாவ’ என்று சொன்னதும், பட்டியலில் ‘கடல்’ என்ற சொல் இல்லாததால் மற்றவையில் ‘கடல் தொழில்’ என்று எழுதியிருக்கிறார். அதே ஊரில் வேலை பார்த்த இன்னொருவர் இதே பதிலுக்கு ‘மீன்பிடி’யைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். ஆக, இரண்டு வீடுகளுக்கு இடையே நாம் பார்க்கும் வித்தியாசத்தில் ஒரு பங்கு கணக்கெடுப்பாளர்களுக்கு இடையே உள்ள வித்தியாசம். எழுதிய பதில்களைப் படித்து மீண்டும் குறியீடு போடும் மறுகுறியீடு முதலில் சரிசெய்வது இதைத்தான்.

அடுத்த வேலை எழுத்துகளைச் சமப்படுத்துவது. கைப்பேசியில் தட்டச்சு செய்த தமிழில் ஒரு சிக்கல் உண்டு. ‘தொழில்’ என்ற சொல்லில் வரும் ‘தொ’வை ஒரு விசைப்பலகை ஒற்றை ஒகரக் குறியாகச் சேமிக்கும், இன்னொன்று எகரக் கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகச் சேமிக்கும். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் எண்ணிப் பார்த்தால் இரண்டு வேறு பதில்களாக வரும். யூனிகோடின் என்.எஃப்.சி. சமப்படுத்தல் இதை ஒன்றாக்கிவிடும். கூடவே தேவையில்லாத இடைவெளிகளையும் நீக்கிவிட வேண்டும்:

```python
import unicodedata

def norm(s):
    s = unicodedata.normalize("NFC", str(s))
    return " ".join(s.split()).lower()

df["key"] = df["occ_other"].fillna("").map(norm)
```

`lower()` எதற்கு என்றால், சிலர் ரப்பர் பால்வெட்டை ‘Tapping’ என்றும் ‘tapping’ என்றும் ஆங்கில எழுத்தில் அடித்திருப்பார்கள். இந்த `key` பதில்களைக் குழுவாக்கிப் பார்க்க மட்டும்தான். கணக்கெடுப்பாளர் எழுதிய மூலப் பதில் `occ_other`, முதல் குறியீடு `occ` இரண்டையும் எக்காரணம் கொண்டும் மாற்றக் கூடாது. திருத்திய குறியீட்டுக்கு `occ_final` என்று அட்டவணையில் தனி நிரல். மூலத்தின் மேலேயே எழுதிவிட்டால், ஆறு மாதம் கழித்து ஒருவர் ‘இந்த வீடு எப்படி விவசாயக் கூலி ஆனது?’ என்று கேட்கும்போது யாராலும் பதில் சொல்ல முடியாது.

குழுவாக்கியதும் 72 பதில்களும் எட்டு வகையாகத் திரண்டன. ரப்பர் பால்வெட்டு 24, அண்டி ஆபீஸ் எனப்படும் முந்திரி ஆலை 13, கடலும் படகும் சார்ந்தவை 11, கல்ஃப் பணம் 7, மீன் விற்பது 5, நூறு நாள் வேலை 4, பனையேற்று 3, பொருளில்லாதவை 5. கடைசி ஐந்தில் ‘வேலை’, ‘தெரியாது’, வெறும் ஒரு புள்ளி என்றெல்லாம் இருந்தன.

இந்த இடத்தில் பலரும் தேடல் சொல்லை வைத்து ஒரே மூச்சில் முடிக்கப் பார்ப்பார்கள்: ‘மீன்’ என்று வந்தால் 3, ‘கூலி’ என்று வந்தால் 4. அப்படிச் செய்தால் ‘மீன் கச்சவடம்’ என்று எழுதிய ஐந்து வீடுகளும் மீன்பிடிக்குப் போய்விடும். அவை கரையில் மீன் எடுத்துத் தலைச்சுமையாகவோ ஆட்டோவிலோ கொண்டுபோய் விற்கும் வீடுகள், அவற்றின் இடம் 5. மறுபக்கம், மீன்பிடிக்கப் போகும் வீட்டுக்காரர் எழுதவைத்த ‘கடல் தொழில்’ என்பதில் ‘மீன்’ என்ற சொல்லே இல்லை. தேடல் சொல் குழுவாக்க உதவும், முடிவெடுக்க உதவாது. 72 பதில்தான், ஒவ்வொன்றாகப் படித்துவிடலாம். 7,000 என்றாலும் ஒரே மாதிரியானவற்றைக் குழுவாக்கிய பிறகு படிக்க வேண்டியது சில நூறாகக் குறைந்துவிடும்.

கடலும் படகும் சார்ந்த 11 பதில்களில் ஒன்பது ‘கடல் தொழில்’ அல்லது ‘வள்ளம்’. சந்தேகமில்லாமல் 3. ஒன்று ‘கப்பல் வேலை’. சரக்குக் கப்பலில் சம்பளத்துக்குப் போகிறவர்கள் இந்த மாவட்டத்தில் உண்டு, அதனால் அது 6. இன்னொன்று வெறும் ‘போட்’. தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் விசைப்படகாக இருக்கலாம், விவேகானந்தர் பாறைக்கு ஆள் ஏற்றும் படகில் வேலையாகவும் இருக்கலாம். எழுதியதில் விடை இல்லை, நாமாகக் கற்பிக்கவும் கூடாது. இதற்கு 98 என்று ஒரு குறியீடு வைத்துக்கொள்ள வேண்டும்: ‘எழுதியது போதவில்லை’. இதை 96உடன் கலக்கக் கூடாது. 96 என்றால் பதில் தெளிவாக இருக்கிறது, பட்டியலில்தான் இடமில்லை. 98 என்றால் பதிலே தெளிவில்லை. முதலாவது பட்டியலின் குறை, இரண்டாவது பதிவின் குறை. இரண்டுக்கும் மருந்து வேறு.

கல்ஃப் பணம் ஏழில் ஆறு நேரடியாக 7. ஒன்றில் ‘கல்ஃபில இருந்து வந்தாச்சு’ என்று இருந்தது. இப்போது அந்த வீடு எதை வைத்து ஓடுகிறது என்று அதில் இல்லை, அதனால் 98. நூறு நாள் வேலையைச் சிலர் அரசு உதவித்தொகையோடு சேர்ப்பார்கள். செய்த வேலைக்குத் தரும் கூலி என்பதால் அது 4 என்று விதி எழுதிக்கொள்ளலாம். பனையேற்று மூன்றும் 96இலேயே நின்றன. சொந்தப் பனையா, அடுத்தவர் மரமா, பதனீரை விற்கிறார்களா, கருப்பட்டி காய்ச்சுகிறார்களா என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஏற்பாடு வேறு. தொழில் என்ன என்பது தெளிவு, அதற்கு இந்தப் பட்டியலில் ஓர் இடம் இல்லை. மூன்று வீடுகள் உண்மையான ‘மற்றவை’யாக இருப்பதில் ஒரு குறையும் இல்லை. 96ஐப் பூஜ்யமாக்கியே தீருவது என்று உட்கார்ந்தால் இந்த மூன்றையும் எதற்குள்ளாவது திணிக்க வேண்டி வரும்.

இப்போது ரப்பர். இந்த ஆய்வின் கனமான பகுதி இதுதான். ‘பால் வெட்டு’ என்ற ஒரே பதிலுக்குப் பின்னால் நான்கு விதமான வாழ்க்கை இருக்கிறது. தன் ஒரு ஏக்கரில் விடியும் முன்னே தானே போய் வெட்டுகிறவர் ஒருவர். மரக்கணக்குக்குக் கூலி வாங்கி அடுத்தவர் தோட்டத்தில் வெட்டுகிறவர் இன்னொருவர். சிலர் பங்குக்கு வெட்டுவார்கள். நாகர்கோவிலைத் தலைமையிடமாகக் கொண்ட அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்களில் நிரந்தரத் தொழிலாளியாக இருப்பவர்களும் உண்டு. இவர்கள் முறையே சொந்த விவசாயம், விவசாயக் கூலி, விவாதத்துக்குரியது, மாதச் சம்பளம். பட்டியலைத் தயாரித்தவர்களுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கணக்கெடுப்பாளருக்கும் ‘விவசாயக் கூலி’ என்றதும் வயல் வேலைதான் நினைவுக்கு வந்திருக்கும். மரத்தில் பால் வெட்டுவது அதில் சேரும் என்று பயிற்சியில் யாரும் சொல்லாவிட்டால் அவர் மற்றவைக்குத்தான் போவார்.

எழுத்தை மட்டும் வைத்து 24ஐயும் பிரிக்க முடியாது. ‘ரப்பர் கழகம்’, ‘கம்பெனி தோட்டம் பெர்மனென்ட்’ என்று விவரமாக எழுதிய மூன்று பதில்கள் தாமாகவே 6க்குப் போகும். மற்ற 21க்கு அதே படிவத்தில் இருந்த இன்னொரு கேள்வி கைகொடுத்தது: ‘சொந்தமாக எவ்வளவு நிலம் இருக்கிறது, அதில் என்ன பயிர்?’ நான்கு வீடுகள் சொந்தமாக ரப்பர் வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தன, அவை 1. பதினான்கு வீடுகளுக்கு வீட்டுமனை தவிர நிலம் இல்லை, ‘பால் வெட்டு’, ‘டாப்பிங்’ என்று வேலையாகவே எழுதியிருந்தார்கள், அவை 2. மூன்று பதில்களில் ‘ரப்பர்’ என்று மட்டும் இருந்தது, நிலக் கேள்விக்கும் பதில் இல்லை. ரப்பர் ஷீட் வாங்கி விற்கிறவராகக்கூட இருக்கலாம். அவை 98. பங்குக்கு வெட்டுவதாகத் தெளிவாக எழுதியவர் யாரும் இல்லை. இருந்தாலும் விதி முன்கூட்டியே எழுதப்பட்டது: நிலமும் மரமும் அடுத்தவருடையது என்றால் 2. பதில் வந்தபின் விதி எழுதினால், வசதிக்கேற்ப வளையும்.

இன்னொரு கேள்வியின் பதிலைத் துணைக்கு அழைப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. இதே தரவை வைத்து நாளை ஒருவர் ‘நிலம் இல்லாத வீடுகளில் எத்தனை சதவீதம் விவசாயக் கூலி?’ என்று பார்க்கலாம். அந்தப் பதினான்கு வீடுகளும் நிலமில்லை என்பதை வைத்துத்தான் கூலிக்குள் வந்தன. ஆகவே அந்த உறவின் ஒரு பகுதியைக் கண்டுபிடித்தது தரவு அல்ல, நம் விதி உண்டாக்கியது. அதனால் துணைக் கேள்வியைப் பயன்படுத்திய வீடுகளுக்கு விதி எண்ணைத் தனி நிரலில் பதிந்து வைக்க வேண்டும், அத்தகைய ஆய்வு செய்பவர் அந்த வீடுகளை விலக்கியும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்க. எழுத்துப் பதிலே முடிவு சொல்லும் இடத்தில் துணைக் கேள்வியைத் தொடவே கூடாது.

அண்டி ஆபீஸ் 13இல் வேறு மாதிரியான கேள்வி எழுந்தது. முந்திரி ஆலையில் கொட்டை உடைத்து, தோல் நீக்கித் தரம் பிரிக்கும் வேலை, பெரும்பாலும் பெண்கள் செய்வது, எடைக்குக் கூலி. பட்டியல்படி 4, அதில் சிக்கலில்லை. ஆனால் 400இல் 13 என்றால் மூன்று சதவீதத்துக்கு மேல். ‘முந்திரி ஆலை’ என்று புதிதாக ஒரு வகை திறந்தால் என்ன என்று தோன்றும். திறக்கலாம், ஆனால் அந்த 13ஐ ‘முந்திரி ஆலையை நம்பி வாழும் வீடுகள்’ என்று அறிக்கையில் எழுத முடியாது. ஏனென்றால் அதே வேலைக்குப் போகும் வேறு வீடுகள் ‘விவசாயம் அல்லாத கூலி’யை நேரடியாகத் தேர்ந்தெடுத்து 84க்குள் இருக்கும். அவற்றிடம் என்ன கூலி வேலை என்று யாரும் கேட்கவில்லை. மற்றவைக்கு வந்தவர்கள் மட்டும் கண்ணில் படுகிறார்கள். பட்டியலில் பெயர் இல்லாத விடையை மக்கள் தாமாகச் சொல்வது, பெயர் இருந்தால் சொல்வதைவிடக் குறைவாகவே இருக்கும் என்பது கணக்கெடுப்புத் துறையில் நன்கு அறிந்த விஷயம். எனவே எழுத்துப் பதிலிலிருந்து பிறக்கும் புது வகை எப்போதும் கீழ் எல்லை மட்டுமே. இந்தச் சுற்றில் 13ஐயும் 4இல் சேர்த்துவிட்டு, அண்டி ஆபீஸ் என்ற உட்குறியீட்டைத் தனி நிரலில் வைத்திருப்பதுதான் சரி.

விதிகள் எழுதியானதும் இருவர் தனித்தனியாக, ஒருவர் போட்டதை இன்னொருவர் பார்க்காமல், 72க்கும் குறியீடு போட்டார்கள். 62இல் ஒத்துப்போனது. ஒத்துப்போகாத பத்தில் ஏழு ரப்பர், மூன்று அண்டி ஆபீஸ். ‘வாரச் சம்பளம்’ என்று சேர்த்து எழுதியிருந்த மூன்று ஆலைத் தொழிலாளர்களை ஒருவர் மாதச் சம்பளத்தில் போட்டிருந்தார். 86 சதவீத ஒற்றுமை என்ற மொத்த எண்ணைவிட, தகராறு முழுக்க இரண்டு இடங்களில் குவிந்திருந்ததுதான் பயனுள்ள செய்தி. அந்த இரண்டு விதிகளையும் தெளிவாக்கி எழுதி, பத்தையும் மீண்டும் பார்த்தால் போதும். ‘எடைக்கோ துண்டுக்கோ கூலி என்றால், எந்த இடைவெளியில் பணம் தந்தாலும் 4’ என்ற வரி அப்படித்தான் விதியில் சேர்ந்தது.

முடிவுகளை வீட்டு வாரியாக `codes` என்ற ஒரு கோப்பில் வைத்து, வீட்டின் அடையாள எண்ணான `_uuid` கொண்டு இணைப்பதே பாதுகாப்பு. ஒரே எழுத்துக்கு ஒரே குறியீடு என்ற பட்டியல் இங்கே போதாது. ‘பால் வெட்டு’ என்பதே இரண்டு வீடுகளில் இரண்டு குறியீடு ஆகிறதே.

```python
df = df.merge(codes, on="_uuid", how="left",
              validate="one_to_one")
df["occ_final"] = df["new_code"].fillna(df["occ"])
assert df.loc[df["occ"] != 96, "new_code"].isna().all()
```

கடைசி வரி, மற்றவை அல்லாத எந்த வீட்டின் குறியீடும் தவறிக்கூட மாறவில்லை என்று உறுதிசெய்கிறது. இணைத்தபின் அட்டவணை இப்படி ஆனது:

| குறியீடு | விடை | முன் | பின் |
|---|---|---|---|
| 1 | சொந்த விவசாயம் | 38 | 42 |
| 2 | விவசாயக் கூலி | 46 | 60 |
| 3 | மீன்பிடி | 61 | 70 |
| 4 | விவசாயம் அல்லாத கூலி | 84 | 101 |
| 5 | சொந்த வியாபாரம் | 33 | 38 |
| 6 | மாதச் சம்பளம் | 41 | 45 |
| 7 | வெளியூர், வெளிநாட்டுப் பணம் | 16 | 22 |
| 8 | ஓய்வூதியம், உதவித்தொகை | 9 | 9 |
| 96 | மற்றவை | 72 | 3 |
| 98 | எழுதியது போதவில்லை | 0 | 10 |

இரண்டு நிரலும் 400 வருகிறதா என்று கூட்டிப் பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். மாவட்ட அளவில் விவசாயக் கூலி 11.5 சதவீதத்திலிருந்து 15 ஆனது, பெரிய மாற்றம் போலத் தெரியாது. ரப்பர் பகுதியின் 120 வீடுகளைத் தனியாகப் பார்த்தால் கதை வேறு. அங்கே 8 வீடுகளாக இருந்த விவசாயக் கூலி 22 ஆனது, அதாவது ஏழு சதவீதத்திலிருந்து பதினெட்டு. ‘மற்றவை’ எல்லா ஊரிலும் சமமாகப் பரவிக் கிடப்பதில்லை. பட்டியல் எந்த ஊரை மனதில் வைத்து எழுதப்படவில்லையோ அந்த ஊரில்தான் குவியும். அதைத் திறக்காமல் விட்டிருந்தால், நிலமில்லாமல் கூலிக்குப் பால் வெட்டும் வீடுகள் அந்தப் பகுதியில் கிட்டத்தட்ட இல்லை என்று அறிக்கை சொல்லியிருக்கும். அதை நம்பி ஒரு திட்டமும் வகுக்கப்பட்டிருக்கும்.

அட்டவணை சரியாகிவிட்டது என்று இங்கே நிறுத்தினால் அடுத்த தவறு காத்திருக்கும். ‘மீன்பிடி’ என்று தேர்ந்தெடுத்த வீடுகளுக்கு மட்டும் படிவம் கூடுதல் கேள்விகளைத் திறந்தது: எந்த வகைப் படகு, மீன்பிடித் தடைக்கால நிவாரணம் கிடைத்ததா. குமரியில் இந்தக் கேள்விக்குத் தனி எடை உண்டு. கிழக்குக் கடல் பக்கத்துச் சின்னமுட்டத்தில் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்குப் பக்கத்துக் குளச்சல், தேங்காய்ப்பட்டணத்தில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இப்போது மறுகுறியீட்டில் மீன்பிடிக்கு வந்த ஒன்பது வீடுகளுக்கும் அந்தக் கேள்விகள் கேட்கப்படவே இல்லை. அவற்றின் கட்டம் காலியாக இருக்கும். அதைச் சில மென்பொருள் அட்டவணைகளில் ‘இல்லை’ என்று எண்ணிவிட்டால், நிவாரணம் கிடைக்காதவர்கள் ஒன்பது பேர் கூடிவிடுவார்கள். உதாரணமாக 61இல் 40 வீடுகளுக்குக் கிடைத்திருந்தால் அது 66 சதவீதம். 70ஆல் வகுத்தால் 57 ஆகிவிடும். ஆகவே அந்த ஒன்பதுக்கும் ‘மறுகுறியீட்டால் வந்தது, கேட்கப்படவில்லை’ என்று தனிக் குறியீடு போட்டு, நிவாரணக் கணக்கை 61 வீடுகளுக்கே போட வேண்டும். அட்டவணையின் அடியில் அதைச் சொல்லவும் வேண்டும். ஒன்பது வீடுகளும் அந்த ஒரு கணக்கெடுப்பாளர் போன ஊர்களிலேயே இருப்பதால், விடுபட்டது தற்செயலும் அல்ல. முடிந்தால் தொலைபேசியில் அழைத்து அந்த இரண்டு கேள்விகளை மட்டும் கேட்டு நிரப்புவது நல்லது. ‘போட்’ வீட்டையும் அதே அழைப்புப் பட்டியலில் சேர்த்துவிடலாம்.

பல விடைகளைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளில் இன்னும் ஒரு படி உண்டு. ‘வேறு என்னென்ன வருமானம்?’ என்ற கேள்விக்கு மற்றவையில் ‘ஆடு, நூறு நாள் வேலை’ என்று எழுதியிருந்தால் அது இரண்டு குறியீடு. நூறு நாள் வேலைக்காகக் கூலிக் கட்டத்தில் 1 போட வேண்டும், ஆனால் அந்த வீடு கூலியை ஏற்கெனவே தேர்ந்தெடுத்திருந்தால் அதை மறுபடி கூட்டக் கூடாது. எழுதியதெல்லாம் முதன்மை விடைகளுக்குப் போய்விட்டால்தான் மற்றவைக் கட்டத்தை 0 ஆக்கலாம். ஆடு வளர்ப்புக்குப் பட்டியலில் இடமில்லை என்றால் அந்தக் கட்டம் 1 ஆகவே நிற்க வேண்டும்.

அடுத்த சுற்றுப் படிவத்தில் ‘மீன்பிடி’ என்ற விடை ‘மீன்பிடி, கடல் தொழில்’ ஆனது. ‘விவசாயக் கூலி’க்குப் பக்கத்தில் ‘ரப்பர் பால்வெட்டுக் கூலி உட்பட’ என்று சேர்ந்தது. அண்டி ஆபீஸுக்குத் தனி விடை வந்தது. மற்றவையைத் தேர்ந்தெடுத்தால் குறைந்தது இரண்டு சொல்லாவது எழுதாமல் படிவம் நகராது, ‘ரப்பர்’ என்ற ஒற்றைச் சொல் இனி நிற்காது. இரண்டு சுற்றுகளையும் ஒப்பிடும்போது முந்திரி ஆலையை மீண்டும் 4இல் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும். இரண்டாம் சுற்றில் அது 13இலிருந்து 30 ஆகத் தெரிந்தால், ஆலைக்குப் போகும் வீடுகள் பெருகின என்று அதற்குப் பொருள் கொள்ள முடியாது. பட்டியலில் பெயர் வந்ததே அதற்குப் போதுமான காரணம்.